மீன் தொட்டியும் மூன்று எண்களும்

மார்கழி பிறந்தால் டிஸ்கஸ் மீன் வளர்ப்பவர்களுக்குக் கவலை பிறக்கும். அந்த மீனுக்குத் தண்ணீர் 28 முதல் 30 டிகிரி வரை இருக்க வேண்டும். இரவில் அறையே 22 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கடையில் வாங்கும் ஹீட்டருக்குள் ஒரு தெர்மோஸ்டாட் இருக்கும். தண்ணீர் குளிர்ந்தால் ஹீட்டர் முழு வேகத்தில் எரியும், சூடானால் அணைந்துவிடும். இந்த ஏற்ற இறக்கம் பொறுக்காதவர்கள் ஆர்டுயினோ போன்ற ஒரு சின்னப் பலகையும் சென்சாரும் ரிலேயும் வாங்கி, பிஐடி என்ற கட்டுப்பாட்டு முறையில் ஹீட்டரை ஓட்டுகிறார்கள். நிரல் தயாராகவே கிடைக்கிறது. அதில் இடவேண்டிய மூன்று எண்களில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இன்னொருவர் தொட்டிக்குப் பொருந்திய எண்களை நம் தொட்டிக்குப் போட்டுப் பயனில்லை. அவை நம் தண்ணீரின் அளவையும் ஹீட்டரின் திறனையும் பொறுத்தவை.

ஆகவே முதலில் தொட்டியை அளக்க வேண்டும். 100 லிட்டர் தண்ணீர், 200 வாட் ஹீட்டர், இரும்புக் குழலில் அடைத்த DS18B20 சென்சார் என்று வைத்துக்கொள்வோம். ஃபில்டர் ஓடிக்கொண்டிருக்கட்டும். அறைச் சூட்டில் இருக்கும் தண்ணீரில் ஹீட்டரை முழுதாகப் போட்டு, நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்துக்கொண்டால் மணிக்கு 1.7 டிகிரி ஏறுவது தெரியும். ஹீட்டர் போட்டவுடனே சென்சார் அசையாது. சூடு தண்ணீரில் கலந்து குழலைத் தாண்டி வர இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். பிறகு 28 டிகிரியில் ஹீட்டரை அணைத்து ஒரு மணி நேரம் பார்க்க வேண்டும். தண்ணீர் அரை டிகிரி இறங்கினால், 28-இல் தொட்டி 60 வாட் வெப்பத்தை அறைக்கு இழக்கிறது என்று பொருள். அதாவது, அந்தச் சூட்டில் நிறுத்திவைக்க ஹீட்டரின் திறனில் 30 விழுக்காடு எப்போதும் தேவை. இந்த அளவுகள் கையில் இருந்தால் மீதி கணக்குதான்.

மூன்று எண்களில் முதலாவது பி. வேண்டிய வெப்பநிலைக்கும் இருக்கும் வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்து, அதற்கேற்ற திறனைக் கொடுப்பது அதன் வேலை. பி 20 என்றால் ஒரு டிகிரி குறைவுக்கு 20 விழுக்காடு திறன். பியை மட்டும் இப்படி வைத்து ஓட்டினால் தண்ணீர் 26.8 டிகிரியில் நின்றுவிடும், 28-க்கு வராது. நிரலில் பிழை ஏதும் இல்லை. இடைவெளி பூஜ்யமானால் பி கொடுக்கும் திறனும் பூஜ்யம். ஆனால் இழப்பை ஈடுகட்டத் திறன் வேண்டுமே, அதற்காகவாவது கொஞ்சம் இடைவெளி இருந்தே தீரும். பியை 100 ஆக்கினால் அந்தக் குறை 0.3 டிகிரியாகச் சுருங்கும். இன்னும் ஏற்றி 500 ஆக்கலாமே என்று தோன்றும். இந்தச் சென்சார் 0.0625 டிகிரிப் படிகளில்தான் வெப்பநிலையைச் சொல்லும். பி 500-இல் ஒரு படி மாறினாலே திறன் 31 விழுக்காடு எகிறும். பி 100-இல் அது 6 விழுக்காடுதான். நம் தொட்டிக்கு 100 போதும்.

மிச்சமிருக்கும் 0.3 டிகிரியைத் தீர்ப்பது ஐ. இடைவெளி எவ்வளவு நேரம் நீடிக்கிறதோ அவ்வளவுக்குத் திறனைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே போகும். இடைவெளி தீர்ந்ததும் சேர்த்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். நம் தொட்டியில் அது 30-இல் வந்து நிற்கும். எவ்வளவு வேகமாகச் சேர்ப்பது? நார்வே பேராசிரியர் சிகூர் ஸ்கோகெஸ்டாட் 2003-இல் வெளியிட்ட விதி மெதுவாக மாறும் தொட்டிகளுக்கு நன்றாகப் பொருந்துகிறது. பி 100-இல் ஒரு டிகிரி குறைவுக்கு முழுத் திறன். முழுத் திறனில் ஒரு டிகிரி ஏற நம் ஹீட்டருக்கு 35 நிமிடம் ஆகிறது. அதன் நான்கு மடங்கு 140 நிமிடம். ஐயின் காலம் அதுவே. நொடிக் கணக்கில் எண் கேட்கும் நிரலில் 100-ஐ 8400-ஆல் வகுத்து 0.012 என்று போட வேண்டும். பலர் இங்கே 1 அல்லது 5 என்று போட்டுவிட்டு, வெப்பநிலை மணிக்கணக்கில் ஊசலாடுவதைப் பார்த்துத் திகைக்கிறார்கள்.

ஐயிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. தொட்டியில் 22 டிகிரித் தண்ணீரை நிரப்பி ஓட்டினால் 28-ஐத் தொட நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் ஐ சேர்த்துக்கொண்டே இருக்கும். ஹீட்டரால் 100 விழுக்காட்டுக்கு மேல் தர முடியாது என்பது அதற்குத் தெரியாது. தண்ணீர் 28-க்கு வரும்போது அதன் கணக்கில் 500 விழுக்காட்டுக்கு மேல் குவிந்திருக்கும். அது கரையும்வரை ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும், தண்ணீர் ஏறத்தாழ 31 டிகிரிக்குப் போய்விடும். நம் கருவியால் சூடாக்கத்தான் முடியும், குளிர்விக்க முடியாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஏறியதை இறக்க அறைக்காற்றுதான் துணை, அதுவும் மணிக்கு அரை டிகிரியை ஒட்டிய வேகத்தில்.

ஐயின் சேமிப்பை 100-க்கு மேல் போகவிடாமல் தடுப்பது முதல் மருந்து. நல்ல நிரல்கள் இதைத் தாமே செய்கின்றன. ஆனாலும் தேவை 30, கையிருப்பு 100. ஆகவே அரை டிகிரி மிகும், அது அடங்கச் சில மணி நேரம் ஆகும். இதைவிட நல்ல வழி, வேண்டிய வெப்பநிலைக்கு ஒரு டிகிரி அருகில் வரும்வரை ஐயைச் சேர்க்கவே விடாமல் வைத்து, வந்தபின் நாம் அளந்த 30-இலிருந்து தொடங்கச் செய்வது. இரண்டு வரி கூடுதலாக எழுத வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

மூன்றாவது எண்ணான டி, வெப்பநிலை மாறும் வேகத்தைப் பார்த்து முன்கூட்டியே திறனைக் குறைப்பது. படிப்படியாகத் தாவும் சென்சாரில் அந்த வேகம் பெரும்பாலும் பூஜ்யம், திடீரென்று ஒரு நொடி பிரம்மாண்டம். மீன் தொட்டிக்கு டியைப் பூஜ்யத்தில் விடுங்கள். 1942-இல் சீக்ளரும் நிக்கல்ஸும் கொடுத்த புகழ்பெற்ற முறையையும் நான் இங்கே பரிந்துரைக்க மாட்டேன். அது வேண்டுமென்றே ஊசலாடவிட்டு எண்களைக் கண்டுபிடிப்பது. அதில் கிடைக்கும் எண்கள் இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்புவதைப் பொறுத்துக்கொள்பவை. குளிர்விக்க வழியில்லாத தொட்டிக்கு அது ஒத்துவராது.

திறனை 30 விழுக்காடாகக் கொடுப்பது எப்படி? ஒரு நிமிடத்தில் 18 நொடி எரியவிட்டு 42 நொடி அணைத்தால் போதும். ஆனால் இதைச் சாதாரண ரிலேயில் செய்தால் நாளுக்கு 1,440 முறை தட்டும். ஒரு லட்சம் முறைக்கு உத்தரவாதமுள்ள ரிலே பத்து வாரத்தில் தன் ஆயுளைத் தொட்டுவிடும். சாலிட் ஸ்டேட் ரிலே தேய்வதில்லை. ஆனால் பழுதானால் பெரும்பாலும் மின்சாரத்தை நிறுத்தாமல் ஓடவிட்டே பழுதாகும். நம் தொட்டியில் 200 வாட் நிற்காமல் எரிந்தால் தண்ணீர் 42 டிகிரி வரை போகும். சென்சார் வயர் கழன்றாலும் இதே கதி. அப்போது ஆர்டுயினோவில் வழக்கமாகப் பயன்படும் நிரல் -127 டிகிரி என்று படிக்கும், பிஐடி அதை நம்பி முழுத் திறனைத் திறந்துவிடும். அந்த எண்ணைக் கண்டதும் ஹீட்டரை அணைக்கும்படி எழுதியிருக்க வேண்டும்.

ஒன்றரை டிகிரி ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் சாதாரண மீன்களுக்கு இந்த வேலையே தேவையில்லை, கடை ஹீட்டரின் தெர்மோஸ்டாட் போதும். பிஐடி வைத்தே தீருவேன் என்பவர்கள் அந்தத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். அதை 30 டிகிரியில் வைத்து, பிஐடிக்குப் பின்னால் காவலாக அப்படியே விட்டுவிடுங்கள்.