மாறுபாடு பிறக்கும் இடத்திலேயே ஒரு பதிவு

நியம அடக்கவிலை முறையில் ஒரு பொருளுக்கு எவ்வளவு மூலப்பொருள் ஆகும், அது என்ன விலைக்குக் கிடைக்கும், எவ்வளவு நேர வேலை பிடிக்கும், அதற்கு என்ன கூலி என்பதெல்லாம் உற்பத்திக்கு முன்பே கணக்கிட்டு வைக்கப்படுகின்றன. நடப்பது ஒருபோதும் அந்தக் கணக்கோடு அச்சு அசலாக ஒத்துப்போவதில்லை. இரண்டுக்கும் இடையில் உள்ள தொகைதான் மாறுபாடு. செலவு நியமத்தைத் தாண்டினால் அது பாதகமான மாறுபாடு, குறைந்தால் சாதகமானது.

இந்த மாறுபாட்டை ஏட்டில் எழுத இரண்டு வழிகள் உண்டு. உற்பத்திக் கணக்கில் உண்மைச் செலவை அப்படியே ஏற்றி, மாதக் கடைசியில் நியமத்தோடு ஒப்பிட்டு மாறுபாட்டை ஒரே தொகையாகப் பிரித்தெடுப்பது ஒரு வழி. மாறுபாடு எந்த நிமிடத்தில் தோன்றுகிறதோ அப்போதே அதைத் தனிக் கணக்கில் எழுதிவிட்டு, உற்பத்திக் கணக்கை நியமத் தொகையிலேயே வைத்திருப்பது மற்றது. இரண்டாவது வழிக்கு எழுத்து வேலை சற்று அதிகம்தான். ஆனால் தவறு எங்கே நடந்தது என்பதை ஏடே சொல்லிவிடும் என்பதால், அந்தக் கூடுதல் வேலைக்கு முழுப் பலன் உண்டு.

திருப்பூரில் டி-ஷர்ட் தைக்கும் ஒரு சிறு பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்ளலாம். கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்ட எண்கள் இவை. ஒரு டி-ஷர்ட்டுக்கு, வெட்டும்போது போகும் கழிவையும் சேர்த்து 200 கிராம் சாயமிட்ட துணி, கிலோ ₹400. ஆகவே துணிக்கு ₹80. வெட்டு, தையல், செக்கிங், மடிப்பு எல்லாம் சேர்ந்து 15 நிமிட வேலை. மணிக்கு ₹80 கூலி. ஆகவே கூலிக்கு ₹20. மின்சாரம், வாடகை போன்ற மேற்செலவுகளை ஒதுக்கிவிட்டால் ஒரு டி-ஷர்ட்டின் நியம அடக்கம் ₹100.

மார்ச் மாதத்தில் 2,500 கிலோ துணி கடனுக்கு வாங்கப்படுகிறது. நூல் விலை ஏறியிருந்ததால் கிலோ ₹412. கடைக்காரருக்குத் தர வேண்டியது ₹10,30,000. நியம விலைப்படி அந்தத் துணியின் மதிப்பு ₹10,00,000. துணி இருப்புக்குள் எப்போதும் நியம விலைதான் நுழையும். மிச்சம் விலை மாறுபாட்டுக்குப் போகும்.

துணி இருப்புக் கணக்கு – பற்று ₹10,00,000
துணி விலை மாறுபாட்டுக் கணக்கு – பற்று ₹30,000
கடனீந்தோர் கணக்கு – வரவு ₹10,30,000

பாதகமான மாறுபாடு பற்றில் விழுகிறது. சாதகமாக இருந்திருந்தால் வரவில் விழுந்திருக்கும். இது எல்லா மாறுபாட்டுக் கணக்குகளுக்கும் பொருந்தும். பில்லில் உள்ள ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெற முடியுமென்றால், அது விலைக்குள் சேராது. தனிக் கணக்கில் பற்று வைக்கப்பட்டு, கடனீந்தோர் தொகை அந்த அளவுக்குக் கூடும். இதைப் பிரிக்காமல் விட்டால் விலை மாறுபாடு வீணாகப் பெருத்துத் தெரியும். லாரி வாடகையை நியமம் வகுக்கும்போது துணி விலையில் சேர்த்திருந்தால், வாங்கும்போதும் சேர்க்க வேண்டும். ஒன்றில் சேர்த்து மற்றொன்றில் விடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

விலை மாறுபாட்டைத் துணியைப் பயன்படுத்தும் நாள்வரை தள்ளிப்போட்டு எழுதுவோரும் உண்டு. அப்படிச் செய்தால் ₹412 துணியும் ₹405 துணியும் இருப்பில் தனித்தனி விலையோடு கிடக்கும். எது முதலில் வெளியே போனது என்று தேட வேண்டியிருக்கும். கூடுதல் விலை கொடுத்த சேதியும் மாதக் கணக்கில் தாமதமாகத்தான் முதலாளி காதுக்கு எட்டும்.

அடுத்த கட்டம் துணியை வெட்டுக்குக் கொடுப்பது. 10,000 டி-ஷர்ட்டுக்கு ஆர்டர் இருந்தால், ஸ்டோரிலிருந்து நியம அளவான 2,000 கிலோ மட்டும் சாதாரணச் சீட்டின் பேரில் கொடுக்கப்படும். அதற்கு மேல் ஒரு கிலோ தேவைப்பட்டாலும், வேறு நிறத்தில் அச்சிட்ட ‘கூடுதல் துணிச் சீட்டு’ எழுதி, காரணத்தைக் குறிப்பிட்டு, கட்டிங் மாஸ்டர் கையெழுத்திட வேண்டும். முழு முறையின் உயிரும் இந்தச் சீட்டில்தான் இருக்கிறது. துணி மிஞ்சினால் திருப்பிக் கொடுப்பதற்கும் இதேபோல் ஒரு சீட்டு உண்டு. அது சாதகமான மாறுபாடு. இந்த மாதம் துணியில் ஓட்டையும் சாயத் திட்டும் இருந்ததால் 80 கிலோ கூடுதலாக வாங்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம்.

முடிவுறாப் பணிக் கணக்கு – பற்று ₹8,00,000
துணிப் பயன்பாட்டு மாறுபாட்டுக் கணக்கு – பற்று ₹32,000
துணி இருப்புக் கணக்கு – வரவு ₹8,32,000

80 கிலோவை ₹412-ஆல் பெருக்காமல் ₹400-ஆல் பெருக்கியிருப்பதைக் கவனிக்க வேண்டும். விலை ஏறியதற்கு வெட்டும் பகுதி பொறுப்பல்ல. அந்த ₹12 வாங்கிய அன்றே வேறு கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. வெட்டும் பகுதி பதில் சொல்ல வேண்டியது அளவுக்கு மட்டும்தான். அந்தப் பதிலும் சில சமயம் வேறு இடத்துக்கு இட்டுச் செல்லும். மலிவாகக் கிடைத்ததென்று மட்டமான துணியை வாங்கினால் விலை மாறுபாடு சாதகமாகத் தெரியும். சில நாள் கழித்துப் பயன்பாட்டு மாறுபாடு பாதகமாக வரும். வாங்கியவரைப் பாராட்டிவிட்டு வெட்டியவரைக் கடிந்துகொள்ளும் அநியாயம் இப்படித்தான் நேர்கிறது. கூடுதல் சீட்டில் தேதியும் துணி ரோலின் எண்ணும் இருந்தால், எந்தக் கொள்முதலின் துணி கழிவானது என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்துவிடலாம்.

கூலியிலும் மாறுபாடு இரண்டு இடங்களில் பிறக்கிறது. சம்பளப் பட்டியல் போடும்போது கூலி வீத மாறுபாடு தெரிந்துவிடும். அவசர ஆர்டருக்காகக் கூடுதல் கூலி பேசி ஆள் எடுத்ததில், 2,400 மணி நேரத்துக்குச் சராசரியாக மணிக்கு ₹84 கொடுக்க வேண்டியிருந்தது, மொத்தம் ₹2,01,600. நியம வீதப்படி ₹1,92,000.

கூலிக் கட்டுப்பாட்டுக் கணக்கு – பற்று ₹1,92,000
கூலி வீத மாறுபாட்டுக் கணக்கு – பற்று ₹9,600
கொடுபடவேண்டிய கூலிக் கணக்கு – வரவு ₹2,01,600

முடிந்த சரக்கை எண்ணும்போதுதான் திறன் மாறுபாடு தெரியும். 10,000 டி-ஷர்ட்டுக்கு நியமப்படி 2,500 மணி நேரம்; ஆனது 2,400 மணி. மிச்சமான 100 மணியின் மதிப்பு ₹8,000.

முடிவுறாப் பணிக் கணக்கு – பற்று ₹2,00,000
கூலிக் கட்டுப்பாட்டுக் கணக்கு – வரவு ₹1,92,000
கூலித் திறன் மாறுபாட்டுக் கணக்கு – வரவு ₹8,000

இரண்டையும் சேர்த்து ₹1,600 கூடுதல் செலவு என்று மட்டும் எழுதியிருந்தால் பெரிதாக எதுவும் நடக்கவில்லை என்றே தோன்றும். பிரித்து எழுதியதால், கூடுதல் கூலிக்கு வந்தவர்கள் வேகமாக வேலை செய்து அந்தக் கூடுதலில் பெரும்பகுதியை ஈடுகட்டிய விவரம் வெளிப்படுகிறது. மின்வெட்டில் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தால் அந்த நேரத்தைத் திறன் மாறுபாட்டில் சேர்க்காமல் தனியாக எழுதுவதே தையல்காரர்களுக்குச் செய்யும் நியாயம். பீஸ் ரேட்டில் கூலி கொடுக்கும் இடங்களில் திறன் மாறுபாடே எழாது. மெதுவாகத் தைத்தாலும் வேகமாகத் தைத்தாலும் ஒரு பீஸுக்கு ஆகும் கூலி ஒன்றுதான்.

இப்போது முடிவுறாப் பணிக் கணக்கில் ₹10,00,000 இருக்கிறது. 10,000 டி-ஷர்ட்டும் முடிந்ததும் அந்தத் தொகை அப்படியே முடிந்த சரக்குக் கணக்குக்குப் போகிறது. அதில் 9,000 விற்றால் ₹9,00,000 விற்ற சரக்கின் அடக்கமாக மாறும். வழியில் எங்கும் மாறுபாடு குறுக்கிடுவதில்லை.

இந்த முறையின் மிகப் பெரிய வசதி இருப்பைச் சரிபார்ப்பதில் தெரியும். துணி இருப்புக் கணக்கில் நிற்பது ₹1,68,000. அதை ₹400-ஆல் வகுத்தால் 420 கிலோ. ஒரே விலையில் எழுதப்பட்டதால் ரூபாய் ஏடு கிலோ ஏடாகவும் வேலை செய்கிறது. கிடங்கில் தராசில் நிறுத்துப் பார்க்கும்போது 400 கிலோதான் இருந்தால், 20 கிலோ சீட்டில்லாமல் வெளியேறியிருக்கிறது. பெரும்பாலும் திருட்டாக இருக்காது. அரை ரோலை வெட்டித் தரச் சோம்பல்பட்டு முழு ரோலையும் கொடுத்திருப்பார்கள். அந்த ₹8,000-ஐயும் விசாரித்த பிறகு பயன்பாட்டு மாறுபாட்டிலோ இருப்பு நட்டத்திலோ எழுத வேண்டும். சீட்டு ஒழுங்கு இல்லாத இடத்தில் இந்த முறை பெயரளவுக்குத்தான் நடக்கும்.

மாறுபாடு மாதாமாதம் ஒரே பக்கமாக, ஏறத்தாழ ஒரே அளவில் வந்துகொண்டிருந்தால் குறை வேலையில் இல்லை, நியமத்தில் இருக்கிறது. துணி ஆறு மாதமாக ₹410-க்குக் கீழே கிடைக்காதபோது ₹400-ஐப் பிடித்துக்கொண்டிருந்தால், விலை மாறுபாட்டுக் கணக்கை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஆண்டு முடிவில் மாறுபாட்டுக் கணக்குகளை மூட வேண்டும். தொகை சிறிதென்றால் விற்ற சரக்கின் அடக்கத்தோடு சேர்த்துவிடலாம். கூலியின் நிகர ₹1,600-ஐ அப்படிச் செய்வதில் தவறில்லை. விலை மாறுபாட்டின் ₹30,000 அப்படியல்ல. இருப்பு மதிப்பீடு பற்றிய இந்தியக் கணக்கியல் தரம் ஏஎஸ் 2, நியம அடக்கவிலையில் இருப்பைக் காட்டுவதை, அது உண்மை அடக்கத்துக்கு நெருக்கமாக இருந்தால் மட்டுமே ஏற்கிறது. ஆகவே அந்த ₹12 எந்தத் துணியோடு எங்கே போனதோ அங்கே அனுப்பப்பட வேண்டும். கிடங்கில் உள்ள 420 கிலோவுக்கு ₹5,040. விற்காத 1,000 டி-ஷர்ட்டில் உள்ள 200 கிலோவுக்கு ₹2,400. விற்றுப்போன சரக்கில் உள்ள 1,800 கிலோவுக்கு ₹21,600. கழிவாகப் போன 80 கிலோவுக்கு ₹960.

துணி இருப்புக் கணக்கு – பற்று ₹5,040
முடிந்த சரக்குக் கணக்கு – பற்று ₹2,400
விற்ற சரக்கின் அடக்கக் கணக்கு – பற்று ₹21,600
லாப நட்டக் கணக்கு – பற்று ₹960
துணி விலை மாறுபாட்டுக் கணக்கு – வரவு ₹30,000

வழக்கத்துக்கு மீறிய கழிவின் செலவை இருப்பு மதிப்பில் ஏற்றக் கூடாது என்பதும் அதே தரத்தின் விதி. எனவே பயன்பாட்டு மாறுபாட்டின் ₹32,000-மும் முழுதாக லாப நட்டக் கணக்குக்கே போகும்.

இந்தப் பதிவுக்குப் பின் துணி இருப்பு ₹1,73,040 ஆகிறது. புதிய ஆண்டுக்கு நியம விலை ₹412 என்று திருத்தப்பட்டால், 420 கிலோவின் நியம மதிப்பும் அதே ₹1,73,040-தான். ஏப்ரல் முதல் தேதி அந்தக் கணக்கில் வேறு திருத்தம் எதுவும் தேவைப்படாது.