கடிகாரத்தில் நிற்கும் செய்தி

வால்பாறையிலிருந்து ஆழியாறு வழியாகப் பொள்ளாச்சிக்கு இறங்கும் மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். சிக்னல் ஒரு வளைவில் வரும், அடுத்த வளைவில் போய்விடும். அந்த பஸ்ஸில் வரும் மகன் ஒருவர் வாட்ஸ்அப்பில் அப்பாவுக்கு, “7 மணிக்கு பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துருங்கப்பா” என்று அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது. கொஞ்ச தூரத்தில் பாதையை மறித்து ஒரு லாரி நிற்கிறது. நேரமாகும் என்று தெரிந்ததும், “7 இல்லீங்கப்பா, 8 ஆயிரும்” என்று மறுபடி அனுப்புகிறார். அதற்குள் சிக்னல் போய்விட்டது. இரண்டாவது செய்தியின் ஓரத்தில் சின்னதாக ஒரு கடிகாரம் வந்து நிற்கிறது. முதல் செய்தியை மட்டும் பார்த்த அப்பா, “சரி சாமி” என்று பதில் போடுகிறார்.

அரை மணி நேரம் கழித்து சிக்னல் திரும்புகிறது. காத்திருந்த இரண்டாவது செய்தி கிளம்புகிறது. அப்பாவின் பதிலும் வந்து இறங்குகிறது. மகனின் திரையில் இப்போது வரிசை இப்படி: 7 மணி, 8 மணி, “சரி சாமி”. அப்பா 8 மணிக்குச் சம்மதித்துவிட்டார் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்பாவின் திரையிலோ 7 மணி, “சரி சாமி”, அதற்குக் கீழே 8 மணி. அந்தக் கடைசி வரி வந்தபோது அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியில் கிளம்பிவிட்டார்.

எழுத்து ஒன்றுகூடத் தொலையவில்லை. ஆனால் ஒரே உரையாடல் இரண்டு போன்களில் இரண்டு விதமாக நிற்கிறது. தான் அனுப்பியதை, தட்டிய நேரத்தில் தன் போன் அடுக்கிக்கொள்கிறது; எதிர்முனையில் வந்து சேர்ந்த வரிசையில்தான் தெரியும்.

சிக்னல் போனால் செய்தி பாதியில் அறுந்து, அரை வாக்கியமாகப் போய்ச் சேரும் என்று பலர் நினைக்கிறார்கள். வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் அப்படி நடக்காது. ஒரு நெட்வொர்க் பொட்டலத்தில் சுமார் 1,400 பைட் அடங்கும். தமிழ் எழுத்துக் குறி ஒன்றுக்கு 3 பைட் என்பதால், ஓரிரு வரிச் செய்தி பெரும்பாலும் ஒரே பொட்டலத்தில் போய்விடும். நீளமான செய்தி பல பொட்டலங்களாகப் பிரிந்தாலும், எது வரவில்லையோ அது திரும்பக் கேட்டு வாங்கப்படும். போதாததற்கு, செய்தி பூட்டப்பட்டுத்தான் போகிறது. பூட்டும்போது முழு உள்ளடக்கத்தையும் வைத்துக் கணக்கிட்ட ஒரு சரிபார்ப்புக் குறி கூடவே சேர்க்கப்படுகிறது. ஒரு பைட் குறைந்தாலும் கணக்கு ஒத்துப்போகாது; பெறுபவரின் போன் அதைத் திறக்காது. ஆகவே செய்தி முழுதாகத் தெரியும், அல்லது தெரியவே தெரியாது.

அந்தத் ‘தெரியவே தெரியாது’ என்பதில்தான் சிக்கல். கிளம்பாத செய்திக்காகப் பெறுபவரின் திரையில் காலி இடம் எதுவும் விடப்படுவதில்லை. “இங்கே ஒன்று வர வேண்டியிருக்கிறது” என்று சொல்லும் அடையாளமும் கிடையாது. அதிகம் போனால், பெயருக்குக் கீழே ‘typing…’ என்று சற்று நேரம் காட்டி மறைந்திருக்கும். அது அந்த நொடிக்கு மட்டுமான சின்ன சமிக்ஞை. தட்டியவர் எழுதி அழித்துவிட்டாரா, சிக்னல் போய்விட்டதா என்பதை அதிலிருந்து அறிய முடியாது.

‘Waiting for this message. This may take a while.’ என்ற வரி வேறு ரகம். அங்கே செய்தி வந்துவிட்டது. பூட்டைத் திறக்கும் சாவிதான் பொருந்தவில்லை. போனையோ செயலியையோ மாற்றியபின் இது நேரலாம். அனுப்பியவர் மறுபடி இணைப்பில் வந்தால்தான் அது சரியாகும்.

இன்னொரு குழப்பம் சிக்னல் கோடுகளில் இருக்கிறது. திரையில் இரண்டு கோடு இருக்கும்; ஆனாலும் கடிகாரம் நகராது. டவரிலிருந்து வரும் அலை எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்பதைத்தான் அந்தக் கோடுகள் காட்டுகின்றன. டவர் பல வாட் சக்தியில் பேசுகிறது. கையிலிருக்கும் 4ஜி போன் பொதுவாக அதிகபட்சம் 0.2 வாட்டில்தான் பதில் பேச முடியும். மலை மறைவிலும் கட்டடத்தின் உட்புறத்திலும் முதலில் தோற்பது போனின் குரல்தான். டவர் சொல்வது காதில் விழுகிறது, நாம் சொல்வது டவருக்குக் கேட்கவில்லை.

இதன் தலைகீழும் நடக்கும். செய்தி சர்வரை அடைந்துவிடும்; “கிடைத்தது” என்று சர்வர் அனுப்பும் ஒப்புகை திரும்பி வரும் வழியில் தொலைந்துவிடும். அனுப்பியவருக்கு இன்னும் கடிகாரம்தான். எதிர்முனையில் படித்தே முடித்திருப்பார்கள். செயலி தானாக மறுபடி அனுப்பும்போது அதே அடையாள எண்ணோடு அனுப்புவதால் இரண்டாவது பிரதி தள்ளப்பட்டு, பெறுபவருக்கு ஒன்றே தெரியும். பொறுமையிழந்து கையால் மீண்டும் தட்டினால் அது புதுச் செய்தி. இரண்டும் போய் நிற்கும்.

டிக்குகளைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். கடிகாரம் இருந்தால், சர்வருக்குப் போய்ச் சேர்ந்ததாக உறுதி வரவில்லை. ஒரு டிக் என்றால் சர்வரில் இருக்கிறது. பெறுபவரின் போன் அணைந்திருந்தால் 30 நாள் வரை அங்கே காத்திருக்கும். இரண்டு டிக் என்றால் போனுக்குள் போய்விட்டது. பெறுபவர் படித்தாரா என்பதை நீல நிறம்தான் சொல்லும். அதையும் அவர் அணைத்து வைத்திருக்கலாம். நேரத்தையோ இடத்தையோ திருத்தும்போது, “சரி” என்ற பதில் தன் திரையில் எந்த வரிக்குக் கீழே இருக்கிறது என்பதை நம்பக் கூடாது. பதில் சொல்பவர் குறிப்பிட்ட செய்தியை இழுத்து மேற்கோளாக வைத்துப் பதில் போட்டால், எதற்கான “சரி” என்பது இரண்டு திரையிலும் ஒன்றாகத் தெரியும்.

உண்மையிலேயே துண்டாகிப் போவது பழைய எஸ்எம்எஸ்தான். ஒரு எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட். ஆங்கிலத்தில் அது 160 எழுத்து. தமிழில் 70 குறிகள் மட்டும். ‘மருத்துவமனை’ கண்ணுக்கு 7 எழுத்து. போனின் கணக்கில் புள்ளியும் துணைக்குறிகளும் தனித்தனி என்பதால் 11 குறி. 70-ஐத் தாண்டினால் செய்தி துண்டாகிறது. எத்தனை துண்டு, இது எத்தனையாவது என்ற விவரம் ஒவ்வொன்றிலும் 6 பைட்டை எடுத்துக்கொள்வதால் துண்டுக்கு 67 குறிதான் மிஞ்சும். 150 எழுத்து ஆங்கிலச் செய்தியில் ஒரே ஒரு தமிழ் எழுத்தைச் சேர்த்தாலும் முழுச் செய்தியும் இந்தக் கணக்குக்கு மாறி, மூன்று துண்டாகும்.

துண்டுகள் தனித்தனியாகப் பயணிக்கின்றன. மூன்றில் இரண்டு மட்டும் வந்தால், பல போன்கள் மூன்றாவது வரும்வரை எதையும் காட்டாமல் வைத்திருக்கும். பழைய போன்கள் சிலவற்றில் வந்த துண்டுகள் மட்டும் நடுவில் இடைவெளியோடு தெரியும். நடுத் துண்டு தொலைந்தால் முதலும் முடிவும் ஒட்டிக்கொண்டு அர்த்தமே மாறிவிடலாம். டேட்டா கிடைக்காத இடத்திலும் எஸ்எம்எஸ் பல நேரம் போய்ச் சேர்ந்துவிடும் என்பதால், மலைப்பகுதியில் அதை நம்புவதில் தப்பில்லை. தமிழில் 40 எழுத்துக்குள் முடித்து, போனின் அமைப்பில் ‘டெலிவரி ரிப்போர்ட்’டை இயக்கி வைத்தால், செய்தி ஒரே துண்டாகப் போகும், போய்ச் சேர்ந்ததும் தெரிந்துவிடும்.