வானத்தில் தெரியும் சதுரங்கள்

ஒரு கார் பந்தய விளையாட்டு. பின்னணியில் மாலை வானம்: உச்சியில் சாம்பல் கலந்த நீலம், கீழே இறங்க இறங்க வெளுத்து, அடிவானத்தில் செம்மை. ஓவியர் வரைந்த கோப்பில் அது பட்டுப்போல வழுக்கிக்கொண்டு போகிறது. விளையாட்டுக்குள் ஏற்றியதும் அதே வானத்தில் பச்சையும் ஊதாவுமாகச் சின்னச் சின்னச் சதுரத் திட்டுகள் தெரிகின்றன. முன்னால் நிற்கும் காரின் முன்மூடியில் விழும் ஒளியும் வளைந்து ஓடாமல் படிப்படியாகத் தாவுகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். ஆனால் மருந்து வேறு வேறு.

திரையில் காணும் பொருட்களின் மேல் போர்த்தப்படும் படத்துக்கு டெக்ஸ்சர் என்று பெயர். 2048க்கு 2048 பிக்சல் உள்ள ஒரு டெக்ஸ்சர், ஒரு பிக்சலுக்கு 4 பைட் என்றால், 16 எம்பி பிடிக்கும். ஜேபெக் கோப்பாக வட்டில் அது சிறியதாக இருக்கலாம்; அதனால் பயனில்லை. கிராபிக்ஸ் சிப் படத்தின் எந்த மூலையில் உள்ள பிக்சலையும் நினைத்த நொடியில் எடுக்க வேண்டும். ஜேபெக்கில் அப்படி எடுக்க முடியாது. முழுவதையும் விரித்துத்தான் நினைவகத்தில் வைக்க வேண்டும். ஆகவே இதற்கென்றே தனிச் சுருக்க முறைகள் வந்தன. படத்தைச் சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே அளவு இடம் ஒதுக்குவது அவற்றின் வழி. எந்தக் கட்டம் எங்கே இருக்கிறது என்று சிப்புக்குத் தேடாமலே தெரியும்.

கணினிகளில் நெடுங்காலமாகப் புழங்கும் BC1 முறையில் ஒரு கட்டம் 4க்கு 4, அதாவது 16 பிக்சல். அதற்குக் கிடைப்பது 8 பைட் மட்டுமே. அதற்குள் இரண்டு முனை நிறங்கள் எழுதப்படும். அவற்றுக்கு இடையில் இரண்டு நிறங்களைச் சிப் தானே கணக்கிட்டுக்கொள்ளும். 16 பிக்சலும் இந்த நான்கு நிறங்களில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். நம் வானம் 16 எம்பியிலிருந்து 2 எம்பிக்கு இறங்கிவிடும்.

கல், மண், மரப்பட்டை போன்ற கரடுமுரடான படங்களுக்கு இந்த நான்கு நிறம் தாராளமாகப் போதும். கண்ணுக்குப் பிழை தெரியாது. வானத்தில்தான் மாட்டிக்கொள்கிறோம். முனை நிறத்தில் சிவப்புக்கும் நீலத்துக்கும் 5 பிட், பச்சைக்கு 6 பிட். அதாவது சிவப்பும் நீலமும் 32 படிகளில்தான் நிற்கும், பச்சை 64 படிகளில் நிற்கும். மூன்றிலும் 100 உள்ள ஒரு சாம்பல் நிறத்தை இந்தப் படிகளில் வைத்தால் அது 99, 101, 99 ஆகிறது, லேசாகப் பச்சை. சற்றுத் தள்ளி உள்ள 104 சாம்பல் 107, 105, 107 ஆகிறது, லேசாக ஊதா. மூலத்தில் நான்கே படி வித்தியாசம், அதற்குள் நிறமே மாறிவிட்டது. நல்ல என்கோடர் இடைநிறங்களைத் திறமையாகப் பயன்படுத்தி இதைக் குறைக்கும், முற்றாகப் போக்காது. பக்கத்துக் கட்டங்கள் தனித்தனியே முடிவெடுப்பதால் எல்லைகள் சதுரமாகத் தெரிகின்றன.

திருத்துவதற்கு முன் குற்றவாளி சுருக்கம்தானா என்று பார்த்துவிட வேண்டும். மூலப்படத்தையும் சுருக்கியதையும் கழித்து, வித்தியாசத்தைப் பத்து இருபது மடங்கு பெருக்கிப் பாருங்கள். 4 பிக்சலுக்கு ஒரு முறை கோடு விழுந்தால் BC1 போன்ற முறையின் வேலை. பிழை மூலப்படத்திலேயே 8 பிக்சல் கட்டங்களாக இருந்தால், யாரோ அதை வழியில் ஜேபெக்காகச் சேமித்திருக்கிறார்கள். எந்த அமைப்பை மாற்றியும் பலனில்லை. கட்டமே இல்லாமல் நீண்ட பட்டைகளாகத் தெரிந்தால், 8 பிட் நிறத்தின் இயல்பான படிகள் அவை. அதற்கு இறுதியாகத் திரைக்கு அனுப்பும் இடத்தில் மெல்லிய இரைச்சல் தூவினால் போதும். சுருக்குவதற்கு முன்பே இரைச்சல் சேர்ப்பது தவறு. கட்டத்துக்கு இருக்கும் கொஞ்ச இடத்தையும் அது தின்றுவிடும்.

வானத்துக்குக் கணினியில் BC7 சரியான தேர்வு. அதே கட்டத்துக்கு 16 பைட் தருகிறது, முனை நிறங்கள் நுட்பமானவை, இடையில் 16 படிகள் வரை உண்டு. விலை 4 எம்பி. ஆனால் அதற்கும் முன்னால் நான் கேட்கும் கேள்வி, இந்த வானத்துக்கு 2048 எதற்கு என்பதுதான். மேகமோ நட்சத்திரமோ இல்லாத வெறும் நிறமாற்றத்தை 256க்கு 256 ஆகச் சிறிதாக்கிச் சுருக்காமலே வைத்தால் கால் எம்பிதான். பெரிதாக்கும்போது சிப் இடைநிறங்களைத் தானே நிரப்பிவிடும். இடமும் மிச்சம், சதுரமும் இல்லை.

காரின் முன்மூடிக்கு வருவோம். அதன் மேல் உள்ள நெளிவு சுளிவுகளை நார்மல் மேப் என்ற படம் சொல்கிறது. பார்க்க நீலமாக இருந்தாலும் அதில் இருப்பது நிறமல்ல, திசை. ஒவ்வொரு பிக்சலும் அந்த இடத்தில் பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை மூன்று எண்களில் வைத்திருக்கிறது. BC1 கட்டத்தின் நான்கு நிறங்களும் ஒரே நேர்கோட்டில் இருப்பவை. திசையிலோ இடவல மாற்றமும் மேல்கீழ் மாற்றமும் ஒன்றையொன்று சாராதவை. ஒரே கோட்டில் இரண்டையும் வைக்க முடியாது. படத்தைப் பார்த்தால் பிழை தெரியாது. பளபளக்கும் பரப்பில் ஒளி விழும்போதுதான் வெளியே வரும். அதனால் நார்மல் மேப்பைப் படமாகத் திறந்து சோதிக்கக் கூடாது. வழவழப்பான உலோகத்தில் போர்த்தி, விளக்கை மெல்ல நகர்த்திப் பார்க்க வேண்டும்.

இதற்கென்றே உள்ளது BC5. இரண்டு எண்களை மட்டும் வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி முனைகளையும் 8 படிகளையும் தருகிறது. திசையின் நீளம் எப்போதும் 1 என்பதால் மூன்றாவது எண்ணை ஷேடரில் கணக்கிட்டுக்கொள்ளலாம். இடமும் BC7 அளவுதான். நார்மல் மேப்பை நிறப்படம் என்று குறித்துவிடாமலும் கவனிக்க வேண்டும். sRGB திருத்தம் அதன் மேல் விழுந்தால் எல்லாத் திசையும் சாய்ந்துவிடும்.

கைப்பேசிகள் பெரும்பாலும் BC முறைகளைப் படிக்காது. அங்கே ASTC. ஐபோனில் 2014இல் வந்த ஏ8 சிப்பிலிருந்து அது உண்டு. இன்றைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் பரவலாக உண்டு. இதில் கட்டத்துக்கு எப்போதும் 16 பைட்; கட்டத்தின் அளவைத்தான் நாம் மாற்றுகிறோம். நம் 2048 டெக்ஸ்சர் 4x4இல் 4 எம்பி, 6x6இல் சுமார் 1.8 எம்பி, 8x8இல் 1 எம்பி. கரடான தரைக்கு 8x8 போதும். முன்மூடியின் நார்மல் மேப்புக்கு 4x4 அல்லது 5x5க்கு மேல் போக வேண்டாம்:

```
astcenc -cs tharai.png tharai.astc 8x8 -medium
astcenc -cl hood_n.png hood_n.astc 5x5 -thorough -normal
```

`-cs` நிறப்படத்துக்கு, `-cl` நிறமல்லாத எண்களுக்கு. `-normal` இடவல எண்ணை சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் போட்டு, மேல்கீழ் எண்ணை ஆல்ஃபாவில் வைக்கிறது. ஆல்ஃபாவுக்குத் தனிப் படிகள் தர ASTCயால் முடியும். ஷேடரும் அதற்கேற்ப மாற வேண்டும்:

```
n.xy = tex.ga * 2.0 - 1.0;
n.z = sqrt(max(0.0, 1.0 - dot(n.xy, n.xy)));
```

இந்த மாற்றத்தை மறந்தால் கார் முழுவதும் ஒரு பக்கமாக ஒளிர்வதுபோல் தெரியும்.

என்விடியா, ஏஎம்டி கணினிச் சிப்புகள் ASTCயைப் படிக்காது. ஆகவே கைப்பேசிக்கும் கணினிக்கும் தனித்தனியாகத் தொகுக்க வேண்டும். ஒரே கோப்புதான் வேண்டுமென்றால் KTX2 வடிவில் பேசிஸ் யூனிவர்சல் முறையைப் பயன்படுத்தலாம்; ஏற்றும்போது அந்தந்தச் சிப்புக்கேற்ப BC7 ஆகவோ ASTC ஆகவோ மாறிக்கொள்ளும். அதில் ETC1S, UASTC என்று இரண்டு வகை உண்டு. ETC1S கோப்பு மிகச் சிறியது, ஆனால் வானத்திலும் நார்மல் மேப்பிலும் சதுரங்களைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். அவை இரண்டுக்கும் UASTC, மற்றவற்றுக்கு ETC1S என்று பிரித்துக்கொள்ளலாம்.