கழித்தல் கணக்கில் ஒரு பிழை

சென்ற மாதம் ஒரு காலை பத்தரை மணிக்கு என் தங்கை மகள் செகந்தராபாத் ஆஸ்பத்திரியிலிருந்து கைபேசியில் ஒரு படம் அனுப்பினாள். அவள் அப்பாவுக்குப் பித்தப்பையில் கல். முதல் நாள் இரவு சேர்த்திருந்தார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் அனுமதியைத் திரையிலிருந்து அப்படியே படம் பிடித்து அனுப்பியிருந்தாள். Pre-auth Approved Amount என்ற வரிக்கு எதிரே 70,000 ரூபாய் என்றிருந்தது. ஆஸ்பத்திரி போட்டுக் கொடுத்த மதிப்பீடோ ஒன்றரை லட்சம். “மாமா, மீதி எண்பதாயிரத்துக்கு அம்மா வளையலை அடகு வைக்கலாம்கிறா. என்ன செய்யட்டும்?” என்று குரல் தழுதழுக்கக் கேட்டாள்.

“வளையல் கையிலேயே இருக்கட்டும், நான் வருகிறேன்” என்று சொல்லிவிட்டு மல்காஜ்கிரியிலிருந்து ஆட்டோ பிடித்தேன்.

முப்பத்தைந்து வருடம் ரயில்வேயில் பாலமும் பிளாட்பாரமும் கட்டியவன் நான். கான்ட்ராக்டர் பில்லைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தத் திரை புதிதல்ல. நம் சங்கத்துக் குடும்பங்களில் பலரும் இதே படத்தை வைத்துக்கொண்டு திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் அன்று நடந்ததை வரி வரியாக எழுதுகிறேன்.

முதலில் அந்த 70,000. அது கம்பெனி தரப்போகும் மொத்தத் தொகை அல்ல. சிகிச்சையைத் தொடங்க ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கும் முதல் உத்தரவாதம், அவ்வளவுதான். நோய் இன்னதென்ற காகிதங்களும் மதிப்பீடும் மட்டுமே கையில் இருக்கும்போது கம்பெனி ஒரு பகுதியைத்தான் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளும். ஆபரேஷன் முடிந்து செலவு ஏறினால் ஆஸ்பத்திரியின் இன்ஷூரன்ஸ் பிரிவு கூடுதல் அனுமதி கேட்கும். டிஸ்சார்ஜ் அன்று முழு பில்லும் டிஸ்சார்ஜ் சம்மரியும் போன பிறகு வருவதுதான் இறுதி அனுமதி. மதிப்பீட்டிலிருந்து முதல் அனுமதியைக் கழித்து, அதுதான் நம் பங்கு என்று யாரும் கலங்க வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் இறுதி அனுமதி வந்தது. மருமகள் அனுப்பிய படத்தில் கடைசி வரி மட்டுமே இருந்தது. “முழுப் பக்கமும் வேண்டும் அம்மா, Remarks என்ற பகுதியோடு” என்றேன். வெட்டிய படத்தில் விடை இருக்கும், காரணம் இருக்காது. முழுக் கடிதத்தில் இருந்தவை இவை:

Claimed Amount: 1,48,000
Hospital Discount: 8,000
Non-Payable: 10,000
Co-pay 20%: 26,000
Approved Amount: 1,04,000

பில்லிங் கவுண்டரில் இருந்தவர் கால்குலேட்டரில் 1,48,000-லிருந்து 1,04,000-ஐக் கழித்து, “44,000 கட்டண்டி” என்றார். எல்லோரும் போடுகிற கணக்கு அதுதான். பிழையும் அதில்தான் இருக்கிறது. இடையில் உள்ள மூன்று வரிகளும் ஒரே ஜாதி அல்ல.

8,000 என்பது, அந்த ஆஸ்பத்திரி கேஷ்லெஸ் பட்டியலில் சேர்ந்தபோது கம்பெனிக்குத் தருவதாக ஒப்புக்கொண்ட தள்ளுபடி. அதை விட்டுக்கொடுப்பது ஆஸ்பத்திரி. கம்பெனியிடம் தள்ளுபடி என்று சொல்லிவிட்டு அதையே நோயாளியிடம் வசூலித்தால் அது எப்படித் தள்ளுபடியாகும்?

26,000 கோ-பே. அதாவது பாலிசி எடுக்கும்போதே நாம் சம்மதித்த பங்கு. தங்கை கணவர் அறுபதைத் தாண்டிய பின் எடுத்த பாலிசி. ஒவ்வொரு கிளெய்முக்கும் இருபது சதவீதம் அவருடையது என்று முதல் பக்க அட்டவணையிலேயே அச்சாகியிருந்தது. இதில் வாதாட இடமில்லை. ஆனால் எதன் மேல் இருபது சதவீதம் என்று பார்க்க வேண்டும். தள்ளுபடியும் கொடுக்கப்படாத பொருள்களும் போக, ஏற்கப்பட்ட தொகை 1,30,000. அதில் இருபது சதவீதம் 26,000. கணக்கு சரி. முழு பில்லின் மேல் போட்டிருந்தால் 29,600 ஆகியிருக்கும். பெருக்கிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

மிச்சம் 10,000 - Non-Payable. அன்று எங்களுக்கு அதிக வேலை வைத்த வரி இதுதான். பாலிசிப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் நான்கு பட்டியல்கள் இருக்கும். முதல் பட்டியலில் உள்ளவை கம்பெனி தராதவை: கையுறை, முகமூடி, டயபர், துணைக்கு இருப்பவரின் சாப்பாடு, டெலிபோன் போன்றவை. இவற்றுக்கென்று தனி இணைப்பு எடுத்திருந்தால் ஒழிய நாம்தான் கட்ட வேண்டும்.

இரண்டாவது, மூன்றாவது, நான்காவது பட்டியல்கள் வேறு. அவற்றில் உள்ளவை அறை வாடகை, ஆபரேஷன் கட்டணம், சிகிச்சைக் கட்டணம் ஆகியவற்றுக்குள்ளேயே அடங்கியவை. அட்மிஷன் கிட், ஃபைல் மற்றும் ஆவணக் கட்டணம் அறை வாடகையில் அடக்கம். ரேஸர், பஞ்சு, காஸ் துணி ஆபரேஷன் கட்டணத்தில் அடக்கம். பதிவுக் கட்டணம் சிகிச்சையில் அடக்கம். கான்கிரீட் போட்டதற்குப் பில் கொடுத்துவிட்டு, கலக்கிய தண்ணீருக்குத் தனியாகப் பணம் கேட்கும் கான்ட்ராக்டரை நான் பார்த்திருக்கிறேன். இதுவும் அது போலத்தான். தனியாகப் போட்டால் கம்பெனி வெட்டிவிடும். வெட்டிய தொகை சத்தமில்லாமல் நம் தலையில் வந்து விழும்.

நானும் மருமகளும் விவரமான பில்லை வாங்கி, பென்சிலால் ஒவ்வொன்றாகக் குறித்தோம். முதல் பட்டியலைச் சேர்ந்தது 6,400. மற்ற மூன்றில் அடங்குவது 3,600. அந்தக் காகிதத்தோடு இன்ஷூரன்ஸ் பிரிவு மேனேஜரிடம் போனோம். குரல் உயர்த்தவில்லை. “மேனேஜர் காரு, இந்த 8,000 நீங்கள் கொடுத்த தள்ளுபடி. இந்த 3,600 ஏற்கெனவே வாடகையிலும் ஆபரேஷன் கட்டணத்திலும் வாங்கியாயிற்று” என்று தெலுங்கில் சொன்னேன். அவர் பட்டியலைப் பார்த்தார், உள்ளே போனார், அரை மணியில் திருத்திய பில் வந்தது. கட்டியது 26,000-மும் 6,400-மும் சேர்த்து 32,400. கேட்டது 44,000. வித்தியாசம் 11,600 ரூபாய்.

எல்லா இடத்திலும் இவ்வளவு சுலபமாக முடியாது. ஆஸ்பத்திரி மறுத்தால், கட்டிவிட்டு ரசீதில் ஒவ்வொரு இனத்தையும் எழுதி வாங்கி, கம்பெனிக்கு எழுத வேண்டும். ஒப்பந்தம் அவர்களுக்குள் இருப்பது. கம்பெனி வெட்டியதே தவறு என்றால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கும், ஒரு மாதத்தில் தீராவிட்டால் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மனுக்கும் போகலாம். ஆம்பட்ஸ்மன் அலுவலகம் ஹைதராபாத்திலேயே இருக்கிறது. இன்ஷூரன்ஸ் துறையைக் கட்டுப்படுத்தும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் தலைமையகமும் இங்கேதான். அந்த ஆணையம் 2024 மே மாதம் விதித்தபடி, கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் கோரிக்கைக்கு மூன்று மணி நேரத்திலும் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். அதற்கு மேல் தாமதித்ததால் ஆஸ்பத்திரி கூடுதலாக வசூலிப்பது கம்பெனியின் பொறுப்பு. எனவே கோரிக்கை எத்தனை மணிக்குப் போனது என்று கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது.

வீட்டுக்கு வந்ததும் தங்கை காபி கொடுத்தாள். டம்ளரை நீட்டிய கையில் வளையல் இருந்தது. “அண்ணா, அந்தப் பென்சில் போட்ட காகிதத்தை எங்கே வைக்கட்டும்?” என்று கேட்டாள். பாலிசிப் புத்தகத்துக்குள்ளேயே வைக்கச் சொன்னேன்.