பேக்கப்பை எத்தனை நாள் வெச்சிருக்கணும்?

போடிமெட்டுக்கு மேல சித்தப்பாவுக்கு ஏலத்தோட்டம். தினமும் காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்து நோட்டுல எழுதுவார். பத்து வருஷக் கணக்கை பொட்டிபுரம் வீட்டில் உட்கார்ந்து கணினியில் ஏற்றினேன். அப்புறம் நோட்டுகளைக் கரையான் அரித்துவிட்டது.

ஒருநாள் அவர், "2018 ஆகஸ்ட்ல எவ்வளவுப்பா பெஞ்சது?" என்று கேட்டார். கேரளாவே வெள்ளத்தில் மூழ்கிய மாதம். என் கோப்பில் வரிசையாகப் பூஜ்யம்! நாலு மாசத்துக்கு முன்னால் மழை அளவு நெடுவரிசையை மட்டும் ஏறுவரிசையில் அடுக்கியிருக்கிறேன். தேதிகள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன. பேக்கப்பைத் திறந்தால் கடைசி 30 நாள் பிரதிகள்தான் இருந்தன. முப்பதிலும் அதே தப்பு. ஒரு பழைய பென் டிரைவில் கிடைத்தது போக, கடைசி இரண்டு வருஷக் கணக்கு போனது போனதுதான்.

அன்றைக்குப் புரிந்தது இதுதான்: தப்பைக் கண்டுபிடிக்க நமக்கு எவ்வளவு காலம் ஆகுமோ, அதைவிடப் பழைய பிரதி ஒன்று கையில் இருக்க வேண்டும். இந்தக் கோப்பை நான் ஊன்றிப் பார்ப்பது வருஷத்துக்கு ஒருமுறை. ஆகவே பன்னிரண்டு மாதத்தைத் தாண்டியும் பிரதி வேண்டும். இப்போது ரெஸ்டிக் மென்பொருளில் இப்படி வைத்திருக்கிறேன்:

```
restic forget --keep-daily 7 --keep-weekly 5 --keep-monthly 14 --prune
```

அதிகபட்சம் 26 பிரதிகள். என்னிடம் 40 ஜிபி, பெரும்பாலும் தோட்டத்துப் படங்கள். முழுசு முழுசாக நகலெடுத்தால் 1,040 ஜிபி ஆகும். ஆனால் ரெஸ்டிக் மாறாத துண்டுகளை ஒரே ஒருமுறைதான் சேமிக்கும். தினம் மாறுவது 2 எம்பி மழைக்கோப்பு; அதை 26 தடவை முழுசாக வைத்தாலும் 52 எம்பிதான். பழசை வைத்திருப்பதற்கு ஆகும் செலவு அவ்வளவுதான். அடிக்கடி மாறும் பெரிய வீடியோக்கள் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. `--prune` போடாவிட்டால் பட்டியலிலிருந்து பிரதி நீங்குமே தவிர, இடம் காலியாகாது.

ரெஸ்டிக் எல்லாவற்றையும் மறையாக்கம் செய்தே எழுதும். வாடகைச் சர்வரில் வைத்தாலும் பிறர் படிக்க முடியாது. கடவுச்சொல்லைத் தொலைத்தால் நாமும் படிக்க முடியாது. அதைக் காகிதத்தில் எழுதி ஒன்றை வீட்டிலும் ஒன்றை மதுரையில் அக்காவிடமும் வைத்திருக்கிறேன். கணினியிலேயே வைத்தால் கணினியோடு சேர்ந்து அதுவும் போய்விடும்.

மறையாக்கிய கோப்பைக் கண்ணால் பார்த்து, கெட்டதா நல்லதா என்று சொல்ல முடியாது. வெறும் `restic check` அமைப்பைத்தான் சரிபார்க்கும், தரவைப் படிக்காது. அதனால் மாதம் ஒரு பங்கு படிக்கச் சொல்கிறேன். மார்ச்சில்:

```
restic check --read-data-subset=3/12
```

மாதத்துக்குச் சுமார் 3.3 ஜிபி இறங்கும். இங்குள்ள இணையத்துக்கு அது தாங்கும். வருஷத்தில் எல்லாம் ஒரு சுற்று வந்துவிடும்.

ஆனால் என் தப்பை இந்தச் சோதனையும் பிடித்திருக்காது. தப்பான கோப்பையும் அது பழுதில்லாமல்தானே வைத்திருக்கும்! அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழைய பிரதி ஒன்றை வேறு கோப்புறையில் மீட்டெடுத்து, 2018 ஆகஸ்ட் கூட்டுத்தொகையைப் பார்க்கிறேன். அந்த எண்ணைக் கடவுச்சொல் காகிதத்தின் பின்பக்கமே எழுதி வைத்திருக்கிறேன்.