அனுப்பினால் போகிறது, வருவதுதான் இல்லை

சொந்த டொமைனில் மெயில் வைத்திருக்கும் சிறு நிறுவனங்களுக்கு ஒரு விசித்திரமான தொல்லை வருவதுண்டு. இவர்கள் அனுப்பும் மெயில் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது. வர வேண்டியதுதான் வருவதில்லை. அனுப்ப முடிவதால் பழுது நம் பக்கம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது. "நீங்க அனுப்பின மெயில் வரலீங்க, மறுபடியும் அனுப்புங்க" என்று வாடிக்கையாளரிடமே சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவரும் மறுபடி அனுப்புவார். அதுவும் திரும்பிவிடும்.

இப்படி ஒரு நிலை வந்தால் முதலில் மெயில்பாக்ஸ் நிரம்பிவிட்டதா என்று பார்க்க வேண்டும். வெளியே போகும் மெயில் சர்வர் வழியாகக் கடந்துபோகிறது, அதற்குப் பெட்டியில் இடம் தேவையில்லை. உள்ளே வரும் மெயிலைத்தான் பெட்டியில் வைத்தாக வேண்டும். இடம் இல்லையென்றால் சர்வர் அதை வாங்க மறுக்கிறது. மறுத்த செய்தி அனுப்பியவருக்குத்தான் போகிறது. பெட்டிக்குச் சொந்தக்காரருக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஆகவே, திரும்பி வந்த அறிவிப்பைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வதே நல்ல தொடக்கம். அதில் ஏறக்குறைய இப்படி ஒரு வரி இருக்கும்:

```
552 5.2.2 Mailbox is full
```

முதல் எண் 5 என்றால் கதவடைத்தாயிற்று, அந்த மெயில் இனி வராது. சில சர்வர்கள் இதே காரணத்துக்கு 4 என்று தொடங்கும் பதிலைத் தரும். "இப்போது முடியாது, பிறகு வா" என்று அதற்குப் பொருள். அனுப்பிய சர்வர் சில நாட்கள்வரை விட்டுவிட்டு முயன்று பார்க்கும்.

ஒரு சின்ன அச்சகத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பகிர்வு ஹோஸ்டிங்கில் சிபேனல் வழியாக உருவாக்கிய மெயில் கணக்கு, கோட்டா 1 ஜிபி, அதாவது 1024 எம்பி. கல்யாணப் பத்திரிகையின் மாதிரியை 8 எம்பி பிடிஎஃப் ஆக அனுப்புகிறார்கள். மெயிலில் இணைக்கும் கோப்பு எழுத்துகளாக மாற்றப்பட்டுத்தான் பயணிக்கிறது. அந்த மாற்றத்தில் அளவு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடிவிடும். ஆகவே 8 எம்பி கோப்பு பெட்டியில் கிட்டத்தட்ட 11 எம்பியாக உட்காரும். பெரியப்பா பெயர் விடுபட்டது, முகூர்த்த நேரம் மாறியது என்று நான்கு முறை திருத்தி அனுப்பினால் ஒரு பத்திரிகைக்கு 44 எம்பி. இப்படி 23 வேலை முடிந்தால் ஒரு ஜிபி தீர்ந்தது.

அந்த 44 எம்பியும் கிடப்பது இன்பாக்ஸில் அல்ல, அனுப்பிய மெயில்களின் நகல் சேரும் Sent ஃபோல்டரில். இடம் காலி செய்யக் கிளம்புகிறவர்கள் இன்பாக்ஸில் உட்கார்ந்து விளம்பர மெயில்களை ஒவ்வொன்றாக அழிப்பார்கள். அவை ஒவ்வொன்றும் சில பத்து கேபிதான். எத்தனையோ மெயில்களை அழித்தால்தான் ஒரு பிடிஎஃப் அளவுக்கு இடம் வரும்.

அழிக்கப் போனால் இன்னொரு வேடிக்கை நடக்கும். மெயிலைத் தேர்ந்தெடுத்து Delete அழுத்தினால், கோட்டா தாண்டிவிட்டது என்று பிழைச்செய்தி வரும். இடமில்லை என்றுதானே அழிக்கிறோம்! இதற்குக் காரணம் ஐமேப் முறையில் இருக்கிறது. பல மெயில் செயலிகள் அழிப்பதை, Trash ஃபோல்டரில் ஒரு நகல் வைத்துவிட்டு மூலத்தை நீக்குவதாகவே செய்கின்றன. அந்த நகலுக்கு இடம் இல்லாமல் வேலை நின்றுவிடுகிறது. நகல் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாலும், Trash-இல் இருப்பதும் கோட்டாவில் சேர்கிற சர்வர்களில் மொத்த அளவு குறையவே குறையாது.

அதனால் வேலையை Trash-இலிருந்தே தொடங்க வேண்டும். வெப்மெயிலில் நுழைந்து Trash, Junk இரண்டையும் முழுதாகக் காலி செய்தால் மூச்சு விட இடம் கிடைக்கும். அதன் பிறகு Sent ஃபோல்டரைத் திறந்து, பட்டியலை அளவு வாரியாக வரிசைப்படுத்த வேண்டும். ரவுண்ட்கியூப் வெப்மெயிலிலும் தண்டர்பேர்டிலும் இந்த வசதி உண்டு. பட்டியலின் தலையில் நிற்கும் நூறு மெயிலே பெரும்பகுதியைப் பிடித்திருக்கும்.

அழிக்க மனம் வராதவற்றுக்கும் வழி இருக்கிறது. கம்ப்யூட்டரில் தண்டர்பேர்டில் அதே கணக்கைச் சேர்த்து, பெரிய மெயில்களைத் தேர்ந்தெடுத்து, Local Folders என்பதன் கீழ் ஒரு ஃபோல்டருக்குள் நகலெடுக்கலாம். நகலில் ஒன்றிரண்டைத் திறந்து, பிடிஎஃப் சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகே சர்வரில் இருப்பதை நீக்க வேண்டும். நீக்கும்போது Shift அழுத்திக்கொண்டு Delete கொடுத்தால் Trash-க்குப் போகாமல் நேரே அழியும். ஐமேப்பில் ஓரிடத்தில் அழித்தது செல்போன், லேப்டாப், எல்லாவற்றிலும் மறைந்துவிடும். "போனில் இருக்கிறதே" என்று நம்பி அழித்துவிட்டுத் தலையில் கை வைத்தவர்கள் உண்டு.

பாப் முறையில் மெயில் இறக்குகிற பழைய கம்ப்யூட்டர்களில் கதை வேறு. அங்கே இன்பாக்ஸைத் துடைத்து வைத்திருப்பார்கள். சர்வரிலோ ஆண்டுக்கணக்கான மெயில் அப்படியே கிடக்கும். "சர்வரிலும் ஒரு நகல் இருக்கட்டும்" என்ற அமைப்பு இயக்கப்பட்டிருப்பதுதான் காரணம். அதன் கீழேயே இத்தனை நாளுக்குப் பிறகு நீக்கு என்றொரு கட்டம் இருக்கும். அதில் 14 என்று போட்டாலே போதும்.

சர்வரில் நிஜமாக என்ன இருக்கிறது என்று பார்க்க சிபேனலில் Email Disk Usage என்ற பக்கம் உதவும். எந்த ஃபோல்டரில் எத்தனை மெயில், எவ்வளவு இடம் என்று அது காட்டும். ஒரு வருடத்துக்கு முந்தியவற்றை மொத்தமாக நீக்கும் வசதியும் அங்கேயே இருக்கிறது. ஆனால் அங்கே அழித்தது Trash-க்குப் போகாது, திரும்பவும் வராது. வருமான வரி, ஜிஎஸ்டி சம்பந்தப்பட்ட மெயில்கள் இருக்கும் பெட்டியில் யோசிக்காமல் அதை அழுத்தக் கூடாது.

கோட்டாவை 2 ஜிபியாகக் கூட்டிவிட்டால் தீர்ந்தது என்று சிலர் நினைப்பார்கள். அவசரத்துக்கு நல்ல வழிதான், ஆனால் எப்போதும் பலிக்காது. ஹோஸ்டிங் கணக்கு மொத்தத்துக்கும் ஓர் அளவு உண்டு. வெப்சைட், மெயில், பேக்கப் எல்லாம் அதற்குள்தான். வேர்ட்பிரஸ் பேக்கப் செருகுநிரல் வாரம் ஒரு ஜிப் கோப்பு எழுதிக் குவித்து மொத்த இடத்தையும் விழுங்கியிருந்தால், மெயில்பாக்ஸில் பாதி காலியாக இருந்தாலும் மெயில் உள்ளே வராது. ஒரே டொமைனில் உள்ள எல்லா மெயில்பாக்ஸும் ஒரே நாளில் படுத்துவிட்டால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இடம் கிடைத்ததும் ஜிமெயிலிலிருந்து ஒரு சோதனை மெயில் போட்டுப் பார்க்க வேண்டும். அது வந்துவிட்டால், 4 என்று பதில் வாங்கிக் காத்திருந்தவையும் அடுத்த சில மணி நேரத்தில் தாமாக வந்து சேரத் தொடங்கும். 5 வாங்கியவற்றை அனுப்பியவர்களிடம்தான் கேட்டு வாங்க வேண்டும். அவர்கள் யார் என்று அறிய சிபேனலின் Track Delivery பக்கத்தில் தேடலாம்; கிடைக்காவிட்டால் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் சர்வர் பதிவைக் கேட்கலாம். பழைய பதிவுகளைச் சர்வர் அழித்துக்கொண்டே வரும் என்பதால், அந்தப் பட்டியலை அன்றைக்கே எடுத்து வைப்பது நல்லது.