மழை மட்டும்தான் காரணமா?

ஐப்பசியில் சென்னைப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் கேட்கிற பதில் ஒன்று உண்டு: “மழை சார், என்ன பண்றது?” பொய்யில்லைதான். ஆனால் வீட்டுக்காரருக்கு அதனால் ஒரு தகவலும் கிடைப்பதில்லை.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அக்டோபர் 20-ல் தளம் போட்டு, ஜனவரி 20-ல் சாவி கொடுப்பதாகப் பேச்சு. தளம் போட்டது நவம்பர் 1-ல். தாமதமான 12 நாளில் 7 நாள் மழையில் போனது. மீதி 5 நாள், கம்பி கட்டி முடித்தும் எலக்ட்ரீஷியன் பைப் பதிக்க வராததால் போனது. இந்த 5 நாளைத்தான் கான்ட்ராக்டர்கள் மழைக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். மழை பெய்யாத நாளில் வீட்டுக்காரர் சைட்டுக்கு வந்து பார்த்திருந்தால், அதன் பிறகு எந்தத் தேதியையும் அவர் நம்பமாட்டார்.

புதுத் தேதி சொல்லுமுன் எங்கே நாளை மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது என்று பார்க்க வேண்டும். ஹாலின் அகலம் 16 அடி, அதாவது நாலரை மீட்டருக்கு மேல். அப்படிப்பட்ட தளத்துக்குச் சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட் என்றால் 14 நாளாவது முட்டு நிற்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456 விதி. பத்தாம் நாளே முட்டைப் பிரித்தால் தளம் தொய்யலாம், விரிசல் விடலாம். ஆகவே இங்கே கை வைக்கக் கூடாது. பூச்சு வேலை அப்படியல்ல. இன்னொரு செட் ஆள் போட்டால் 4 நாள் மிச்சமாகும். ஆக, ஜனவரி 28. ஆனால் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை இருக்கிறதே? அதற்கு 5 நாள் ஒதுக்கினால் பிப்ரவரி 2. மார்கழியில் யாரும் கிரகப்பிரவேசம் வைப்பதில்லை. பிப்ரவரி 2 தை மாதத்துக்குள் வருவதால் இவர் முகூர்த்தம் பார்க்க இன்னும் இடமிருக்கிறது. முதலில் வசதியான தேதியைச் சொல்லிவிட்டு, பத்திரிகை அடித்த பிறகு மாற்றினால்தான் சண்டை வரும்.

இதையெல்லாம் போனில் சொல்லிவிட்டு, எழுத்திலும் அனுப்பிவிட வேண்டும். இவ்வளவு போதும்:

“வணக்கம் சார். வீட்டுச் சாவி பிப்ரவரி 2-ல் தருகிறோம். ஜனவரி 20-ல் தர முடியாது. தளம் போட 12 நாள் தாமதம். 7 நாள் மழை. 5 நாள் எலக்ட்ரிக்கல் வேலை பிந்தியது, அது எங்கள் பொறுப்பு. முட்டு நவம்பர் 15-க்கு முன் பிரிக்கமாட்டோம். பூச்சுக்கு இரண்டாவது செட் வருகிறது, அந்தக் கூலி எங்களுடையது. டைல்ஸ் கலரை நவம்பர் 10-க்குள் நீங்கள் முடிவு செய்து சொல்ல வேண்டும்.”

கடைசி வரியைப் பலர் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். டைல்ஸ் வந்து இறங்காவிட்டால் பூச்சில் மிச்சம் பிடித்த 4 நாளும் அங்கேயே கரைந்துவிடும்.

நவம்பர் 15-ல் முட்டு பிரித்ததும் தளத்தின் அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பலாம். அன்று பிரிக்க முடியவில்லையென்றால், வீட்டுக்காரர் கேட்கும் வரை காத்திராமல் அன்றைக்கே போன் போட வேண்டும்.